‘அகலகில்லேன்’ பாசுரத்துக்கு மூன்று எண்கள்: எதை அடிக்குறிப்பில் போடுவது?

முதுகலை மாணவி | 4 ஜூன் 2023

திருவேங்கடப் பாசுரங்களைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். ‘அகலகில்லேன் இறையும் என்று அலர்மேல்மங்கை உறைமார்பா’ என்ற நம்மாழ்வார் பாசுரத்துக்கு அடிக்குறிப்பு தர வேண்டும். வீட்டில் உள்ள புத்தகத்தில் 3559 என்று இருக்கிறது. நூலகத்துப் பதிப்பில் 3451. கைப்பேசியில் வைத்திருக்கும் கோப்பில் 3335. மூன்றிலும் பாசுரம் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். நாலாயிரம் என்பது ஒரே நூல் என்றால் ஒரு பாசுரத்துக்கு எப்படி மூன்று எண்கள் வரும்? எது சரி?

பிழைதிருத்தி | 4 ஜூன், இரவு

மூன்றும் சரி. அதனால்தான் மூன்றையும் போடக் கூடாது என்கிறேன். ‘திருவாய்மொழி 6-10-10’ என்று போடுங்கள். ஆறாம் பத்து, பத்தாம் திருவாய்மொழி, பத்தாம் பாசுரம். எந்தப் பதிப்பைப் புரட்டினாலும் அந்த இடத்தில் அகலகில்லேன்தான் இருக்கும்.

பதினெட்டு ஆண்டுகளாக அச்சகங்களுக்குப் பிழை திருத்துகிறேன். சமய நூல்களில் நான் மிகுதியாகத் திருத்தியது ஒற்றுப் பிழை அல்ல, பாசுர எண்தான். தொடர் எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பத்து-திருவாய்மொழி-பாசுரம் என்ற மூன்றடுக்கு எண்ணை மட்டும் எல்லாரும் பயன்படுத்தினால் பாதித் தொல்லை தீரும்.

காவிரிக்கரை | 5 ஜூன்

ஆறாம் பத்து என்றால் 51 முதல் 60 வரை உள்ள பாட்டுகள் அல்லவா? அதற்குள் பத்தாம் திருவாய்மொழி எப்படி வரும்? நம்மாழ்வார் பாடியது மொத்தமே ஒரு திருவாய்மொழிதானே?

கோஷ்டியில் கடைசி வரிசை | 5 ஜூன்

சொல் ஒன்றாக இருப்பதால் வரும் மயக்கம் இது. நூல் முழுவதற்கும் திருவாய்மொழி என்று பெயர். அதற்குள் ஒரு பொருள் பற்றி வரும் பதினொரு பாசுரத் தொகுப்புக்கும் திருவாய்மொழி என்றே பெயர். அப்படிப் பத்துத் திருவாய்மொழிகள் சேர்ந்தால் ஒரு பத்து. பத்துப் பத்துகள் சேர்ந்தால் நூல். ஆகவே ஒரு ‘பத்து’க்குள் நூற்றுக்கு மேல் பாசுரங்கள் இருக்கின்றன. திருமங்கையாழ்வாரின் பெரிய திருமொழியும் இதே அமைப்புத்தான். அங்கே உள்தொகுப்புக்குத் திருமொழி என்று பெயர். பதினோரு பத்துகள், கடைசிப் பத்தில் மட்டும் எட்டுத் திருமொழிகள்.

எங்கள் வீட்டில் தாத்தா, அப்பா இருவரும் கோயிலில் பிரபந்தம் சேவித்தவர்கள். எனக்குச் சிறுவயதில் எண்ணே தெரியாது. “உலகமுண்ட பெருவாயா எடு” என்பார் தாத்தா. அவ்வளவுதான், ஆறாம் பத்தின் பத்தாம் திருவாய்மொழி வந்துவிடும். இராப்பத்தில் இரவுக்கு ஒரு பத்தாகப் பத்து இரவுகள் சேவிக்கிறோம். பத்துப் பிரிவு எங்களுக்கு நாள் கணக்காகவே மனத்தில் இருக்கிறது. தொடர் எண்ணைக் கோஷ்டியில் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

கணக்கு வாத்தியார் | 6 ஜூன்

மாணவி கேட்டது எது சரி என்று. அதைக் கணக்காலேயே பார்த்துவிடலாம். ஒரு திருவாய்மொழிக்கு 11 பாசுரம், ஒரு பத்துக்கு 110. ஐந்து பத்துகள் முடிந்தால் 550. ஆறாம் பத்தில் ஒன்பது திருவாய்மொழிகள் முடிந்தால் 99. அதன் மேல் பத்தாம் பாசுரம். கூட்டினால் 659.

வீட்டுப் புத்தகத்தில் ‘உயர்வற உயர்நலம்’ எந்த எண்ணில் தொடங்குகிறது என்று பாருங்கள். என் புத்தகத்தில் 2899. அதற்கு முன் 2898. 2898உடன் 659 சேர்த்தால் 3557தான் வருகிறது. 3559 என்பது அச்சுப் பிழை. இரண்டு எண்களை எங்கோ தாவிவிட்டார்கள்.

முதுகலை மாணவி | 6 ஜூன்

பார்த்தேன் ஐயா. வீட்டுப் புத்தகத்தில் 2899தான். நூலகப் பதிப்பில் 2791. கைப்பேசியில் 2675. ஆனால் உங்கள் 659ஐச் சேர்த்தால் மூன்றிலுமே சரியாக இரண்டு குறைகிறது. மூன்று இடத்திலும் ஒரே அச்சுப் பிழை வருமா?

கோஷ்டியில் கடைசி வரிசை | 6 ஜூன்

வராது. வாத்தியார் ஐயா, கேசவன் தமரை மறந்துவிட்டீர்கள்.

இரண்டாம் பத்து ஏழாம் திருவாய்மொழி பன்னிரு நாமங்களைப் பாடுவது. கேசவன், நாரணன், மாதவன், கோவிந்தன் என்று தாமோதரன் வரை நாமத்துக்கு ஒரு பாசுரம். பன்னிரண்டு ஆகிவிட்டது. முடிவில் பலன் சொல்லும் பாசுரம் ஒன்று. பதின்மூன்று. நூறு திருவாய்மொழிகளில் இது ஒன்றுதான் பதினொன்றைத் தாண்டுகிறது. அதனால்தான் திருவாய்மொழி 1100 அல்ல, 1102.

கணக்கு வாத்தியார் | 6 ஜூன், மாலை

ஒப்புக்கொள்கிறேன். 2-7க்குப் பின் வரும் எல்லாவற்றுக்கும் இரண்டு கூட்ட வேண்டும். அப்படியானால் அகலகில்லேன் திருவாய்மொழிக்குள் 661ஆம் பாசுரம். 2898 + 661 = 3559. 2790 + 661 = 3451. 2674 + 661 = 3335. மூன்றும் பொருந்துகின்றன. அச்சுப் பிழை என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆக, திருவாய்மொழிக்கு உள்ளே எந்தக் குழப்பமும் இல்லை. அதற்கு முன்னே எத்தனை பாசுரங்களை எண்ணினார்கள் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. 2898, 2790, 2674. ஏன்?

காவிரிக்கரை | 7 ஜூன்

ஒன்று உறுத்துகிறது. பதினொரு பாசுரம் என்கிறீர்கள். ஆழ்வாரே ‘இவை பத்தும்’ என்றுதானே பாடுகிறார்? பதினோராவது யாரோ பின்னால் சேர்த்ததா?

பிழைதிருத்தி | 7 ஜூன்

இல்லை. அகலகில்லேனுக்கு அடுத்த பாசுரத்தையே பாருங்கள். அகலகில்லேன் ‘உன் அடிக்கீழ் அமர்ந்து புகுந்தேனே’ என்று முடிகிறது. 6-10-11 ‘அடிக்கீழ் அமர்ந்து புகுந்து’ என்று தொடங்குகிறது. அந்தாதிக் கண்ணி அறுபடவில்லை. அந்தப் பதினோராம் பாசுரத்தில்தான் ‘திருவேங்கடத்துக்கு இவை பத்தும்’ என்று வருகிறது. பாடலின் பொருள் பத்துப் பாசுரம். அந்தப் பத்தையும் பாடியவர் யார், கற்றால் என்ன பலன் என்று சொல்வது பதினோராவது. அது தன்னை எண்ணிக்கொள்வதில்லை. கேசவன் தமரிலும் அப்படித்தான், பதின்மூன்றாம் பாசுரம் ‘இவை பன்னிரண்டும்’ என்கிறது. ஆழ்வார் தம் நூலை ‘ஆயிரம்’ என்று சொல்வதும் இந்தக் கணக்கில்தான்.

பிழை திருத்தும்போது இந்த அந்தாதி எனக்குப் பெரிய துணை. ஒரு பாசுரம் அச்சில் விடுபட்டால் எண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் எண்ணை யாரோ வரிசையாகப் போட்டிருப்பார்கள். முடிவுச் சொல்லும் அடுத்த தொடக்கமும் சேராதபோதுதான் தெரியும். திருவாய்மொழியின் கடைசிச் சொல் ‘உயர்ந்தே’ என்று முடிந்து முதல் ‘உயர்வற’வோடு போய்ச் சேருகிறது. முதலிலும் கடைசியிலும்கூட எதுவும் உதிர இடமில்லை.

பிழைதிருத்தி | 7 ஜூன், இரவு

வாத்தியாரின் கேள்விக்கு வருகிறேன். தொல்லை இயற்பாவில் இருக்கிறது.

திருவெழுகூற்றிருக்கை வரை எல்லாரும் ஒரே எண்ணில்தான் வருகிறார்கள். அது 2672. அடுத்தவை திருமங்கையாழ்வாரின் இரண்டு மடல்கள். சிறிய திருமடலும் பெரிய திருமடலும் நீண்ட கலிவெண்பாக்கள். பாசுரம் பாசுரமாகப் பிரியாமல் ஒரே ஓட்டமாகப் போகின்றன. அவற்றை எத்தனை என்று எண்ணுவது?

ஒன்றுக்கு ஒன்றாக எண்ணினால் 2673, 2674. உயர்வற 2675 ஆகிவிடும். மாணவியின் கைப்பேசிக் கோப்பு இதுதான். இப்படி எண்ணினால் மொத்தம் நாலாயிரத்தை எட்டாது என்பதையும் கவனியுங்கள்.

வேதாந்த தேசிகர் பிரபந்தசாரத்தில் கணக்குக் கொடுத்திருக்கிறார். சிறிய மடல் 40, பெரிய மடல் 78. இரண்டும் சேர்ந்து 118. 2672 + 118 = 2790. உயர்வற 2791. திருவாய்மொழி 3892இல் முடிகிறது. அதன்பின் திருவரங்கத்தமுதனார் அருளிய இராமானுச நூற்றந்தாதி 108. சரியாக 4000. நூலகப் பதிப்பு இது.

அந்த 108ஐத் திருவாய்மொழிக்குப் பின் வைக்காமல் இயற்பாவின் கடைசியில் வைத்தால் 2791 முதல் 2898 வரை நூற்றந்தாதி வரும். உயர்வற 2899க்குத் தள்ளப்படும். வீட்டுப் புத்தகம் இது.

கோஷ்டியில் கடைசி வரிசை | 8 ஜூன்

நூற்றந்தாதி இயற்பாவோடு சேர்ந்தது சேவாகிரமத்தால் வந்தது. இயற்பா சேவிக்கும் நாளில்தான் அதையும் சேவிக்கிறோம். சேவிக்கும் வரிசையில் அச்சிட்டவர் இயற்பாவோடு வைத்தார். பாடிய காலத்தை எண்ணியவர் கடைசியில் வைத்தார்.

ஆனால் ஒன்று. என் தாத்தா நூற்றந்தாதியை நாலாயிரத்தில் சேர்க்க ஒப்பமாட்டார். “நாதமுனிகள் தொகுத்தபோது எம்பெருமானார் அவதரிக்கவே இல்லை. அவர்மேல் பாடிய அந்தாதி எப்படி அந்த நாலாயிரத்தில் இருந்திருக்கும்?” என்பார். சேவிப்பார், உருகுவார், ஆனால் கணக்கில் சேர்க்கமாட்டார்.

கணக்கு வாத்தியார் | 8 ஜூன்

சேர்க்காவிட்டால் 108 குறைகிறது. நாலாயிரம் என்ற பெயர் என்னாவது?

கோஷ்டியில் கடைசி வரிசை | 8 ஜூன்

மடலைக் கண்ணியாக எண்ணுவார். இரண்டடி ஒரு கண்ணி. சிறிய திருமடல் 77½, பெரிய திருமடல் 148½.

கணக்கு வாத்தியார் | 8 ஜூன், இரவு

கூட்டிப் பார்த்துவிட்டு இதை எழுதாமல் தூங்க முடியவில்லை. 77½ + 148½ = 226. தேசிகர் கணக்கில் மடல்கள் 118, நூற்றந்தாதி 108. அதுவும் 226! இரண்டு வழியிலும் மொத்தம் 4000. தாத்தாவின் கணக்கிலும் 2672 + 226 = 2898, உயர்வற 2899.

அரை எண் ஏன் வருகிறது என்பதும் புரிகிறது. அடிகள் ஒற்றைப்படையாக இருந்தால் இரண்டிரண்டாகப் பிரித்தபின் கடைசி அடி தனித்து நிற்கும். அது அரைக் கண்ணி.

பிழைதிருத்தி | 9 ஜூன்

இந்தத் திசையில் நான் யோசித்ததே இல்லை. 2899 என்று இரண்டு பேர் சொன்னால் இருவரும் ஒரே கணக்கைச் சொல்கிறார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். தொடக்கமும் ஒன்று, முடிவும் ஒன்று. ஆனால் 2673க்கும் 2898க்கும் இடையே இருவரும் முற்றிலும் வேறு நூலைப் படிக்கிறார்கள். ‘பாசுரம் 2800’ என்று ஒருவர் குறித்தால், ஒரு கணக்கில் அது அமுதனாரின் நூற்றந்தாதி பத்தாம் பாசுரம், இன்னொன்றில் பெரிய திருமடலின் நடுவே ஏதோ ஓரிடம், மற்றொன்றில் திருவாய்மொழியின் முதல் திருவாய்மொழி முடிவதற்கு முந்தின பாசுரம்.

மாணவிக்கு: இயற்பாவைக் குறிக்க நேர்ந்தால் 2672க்கு மேல் தொடர் எண்ணே வேண்டாம். ‘இராமானுச நூற்றந்தாதி 10’ என்று நூற்பெயரோடு எழுதுங்கள். மடலானால் வரியையே மேற்கோளாகத் தாருங்கள்.

துபாய் வாசகன் | 10 ஜூன்

நாலாயிரம் என்கிறீர்கள். எங்கள் மாமா வீட்டில் ‘முப்பத்தாறாயிரம்’ என்று பெரிய தொகுதிகளைப் பார்த்திருக்கிறேன். மீதி 32,000 பாசுரங்கள் எங்கே?

கோஷ்டியில் கடைசி வரிசை | 10 ஜூன்

அது திருவாய்மொழிக்கு எழுந்த ஈட்டு வியாக்கியானம். வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்தியது. முப்பத்தாறாயிரப்படி என்பது உரையின் அளவு, முப்பத்திரண்டு எழுத்துக்கு ஒரு படி என்ற கணக்கு. பாசுரங்கள் அதே 1102தான். மாமாவிடம் கேட்டுப் பாருங்கள், மகிழ்ந்து சொல்வார்.

காவிரிக்கரை | 12 ஜூன்

என் வீட்டில் இப்போது நடப்பதைச் சொல்கிறேன். பேத்திக்குத் தொட்டிலிடும் விழா. அழைப்பிதழின் மேல் ‘மாணிக்கம் கட்டி வயிரம் இடைகட்டி’ தாலாட்டுப் பாசுரத்தைப் போட எண்ணினோம். இங்கே பிழைதிருத்தி சொன்னபடி தொடர் எண்ணை விட்டுவிட்டு, என் புத்தகத்தைப் பார்த்து ‘பெரியாழ்வார் திருமொழி 1-3-1’ என்று எழுதினேன். சம்பந்தியம்மா தம் வீட்டுப் பழைய புத்தகத்தைக் கொண்டுவந்து ‘1-4-1’ என்கிறார். மூன்றடுக்கு எண் மாறவே மாறாது என்றீர்களே? அச்சுக்குக் கொடுக்க இரண்டு நாள்தான் இருக்கிறது.

பிழைதிருத்தி | 12 ஜூன்

இரண்டு புத்தகத்திலும் தொடர் எண் என்ன?

காவிரிக்கரை | 12 ஜூன்

இரண்டிலும் 44.

பிழைதிருத்தி | 13 ஜூன்

நேற்று இரவு முழுவதும் இதுதான் மனத்தில். 4ஆம் தேதி எழுதியதைத் திருத்துகிறேன். மூன்றடுக்கு எண் மாறாது என்று நான் சொன்னது திருவாய்மொழிக்குச் சரி. அதை நாலாயிரம் முழுவதற்கும் நீட்டியது தவறு.

பிரச்சினை திருப்பல்லாண்டில் இருக்கிறது. பல்லாண்டின் பன்னிரண்டு பாசுரங்களைத் தனிப் பிரபந்தமாக வைத்தால் பெரியாழ்வார் திருமொழி ‘வண்ண மாடங்கள்’ என்று தொடங்கும். அது 1-1. ‘சீதக்கடல்’ 1-2. ‘மாணிக்கம் கட்டி’ 1-3. சம்பந்தியம்மாவின் புத்தகம் பல்லாண்டையே முதல் திருமொழியாக எண்ணியிருக்கிறது. அதனால் எல்லாம் ஒரு படி தள்ளுகிறது. தனியாக வைத்தால் முதற்பத்தில் ஒன்பது திருமொழிகள்தான் இருக்கும். சேர்த்தால் பத்து நிரம்பும். சேர்த்தவரின் காரணமும் வலுவானதுதான். இரண்டாம் பத்து ‘மெச்சூது சங்கம்’ என்று தொடங்குவதில் இருவருக்கும் வேறுபாடு இல்லை, ஆகவே குழப்பம் முதற்பத்தோடு நின்றுவிடுகிறது.

தொடர் எண்ணோ அசையவில்லை. பல்லாண்டு தனியாக நின்றாலும் சேர்ந்து நின்றாலும் அதன் பன்னிரண்டும் முன்னால்தானே வரும். 12 பல்லாண்டு, 10 வண்ண மாடங்கள், 21 சீதக்கடல். 43 முடிந்து 44 மாணிக்கம் கட்டி.

திருவாய்மொழியில் அடுக்கு எண் உறுதி, தொடர் எண் நழுவுகிறது. பெரியாழ்வார் முதற்பத்தில் தொடர் எண் உறுதி, அடுக்கு எண் நழுவுகிறது. ஒன்றைத் தூக்கிப் போடச் சொன்ன நான் அவசரப்பட்டுவிட்டேன். காவிரிக்கரை அவர்களே, அழைப்பிதழில் ‘பெரியாழ்வார் திருமொழி, பாசுரம் 44’ என்று போடுங்கள். இரண்டு வீட்டாரும் தத்தம் புத்தகத்தில் எடுத்துப் பார்க்கலாம்.

கோஷ்டியில் கடைசி வரிசை | 13 ஜூன்

அழைப்பிதழில் எண்ணே வேண்டாம் என்பேன். ‘மாணிக்கம் கட்டி’ என்ற பிறகு எண் யாருக்கு?

காவிரிக்கரை | 14 ஜூன்

44 என்று அச்சுக்குப் போய்விட்டது. சம்பந்தியம்மாவுக்கும் நிறைவு.

பிழைதிருத்தி | 17 ஜூன்

இன்று வந்த ஒரு கட்டுரையின் அச்சுப்படியில் ‘பெ. தி. 4-9’ என்று ஒரு குறிப்பு. பெ. தி. என்றால் பெரிய திருமொழி, பெருமாள் திருமொழி, பெரிய திருவந்தாதி, பெரிய திருமடல், நான்கும் ஆகலாம். பெரியாழ்வார் திருமொழியையும் சிலர் இப்படியே சுருக்குகிறார்கள். கட்டுரையாளர் ஊரில் இல்லை.

எண் எத்தனை அடுக்கு என்று பார்த்தேன். பெரிய திருமொழியும் பெரியாழ்வார் திருமொழியும் பத்தாகப் பிரிந்தவை, மூன்று எண் வேண்டும். திருவந்தாதியில் ஒரே எண்தான் வரும். மடலில் அடுக்கே இல்லை. இரண்டு எண் வருவது பெருமாள் திருமொழிக்கு. அங்கே பத்து என்ற மேல் அடுக்கு கிடையாது, திருமொழியும் பாசுரமும்தான். நான்காம் திருமொழி ஒன்பதாம் பாசுரம், ‘செடியாய வல்வினைகள் தீர்க்கும் திருமாலே’. கட்டுரையில் பேச்சு திருவேங்கடத்துப் படியைப் பற்றி. ‘படியாய்க் கிடந்து உன் பவளவாய் காண்பேனே’ என்ற முடிவு அங்கே அப்படியே பொருந்திற்று. 685 என்ற தொடர் எண்ணையும் பக்கத்தில் எழுதி அனுப்பினேன்.

பெரிய திருமொழியில் ஒரு எண் உதிர்ந்து 4-9 ஆகியிருக்கவும் இடமுண்டு. பேசும் பொருள் ஒத்துவந்ததால்தான் துணிந்தேன். எண்ணை மட்டும் நம்பியிருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

முதுகலை மாணவி | 21 ஜூன்

என் அடிக்குறிப்புகளை எல்லாம் மாற்றிவிட்டேன். ‘திருவாய்மொழி 6-10-10, அகலகில்லேன்’ என்ற முறையில் நூற்பெயர், அடுக்கு எண், முதற்சொல் மூன்றையும் தருகிறேன். நூற்பெயரைச் சுருக்கவில்லை. முதலாயிரத்துப் பாசுரங்களுக்கு மட்டும் தொடர் எண்ணும் சேர்த்திருக்கிறேன், ஏனென்றால் அங்கே எல்லாப் பதிப்புகளும் ஒன்றாகப் போகின்றன. எந்தப் பதிப்பு என்று முன்னுரையில் ஒரு வரி எழுதினேன்.

ஒரு சந்தேகம் நிற்கிறது. தேசிகர் கணக்கில் சிறிய மடல் 40 என்றால், எந்த அடியில் ஒவ்வொரு பாட்டும் முடிகிறது?

கணக்கு வாத்தியார் | 21 ஜூன்

முயன்றேன். 77½ கண்ணி என்றால் 155 அடி. நான்கு நான்காகப் பிரித்தால் 38 பாட்டும் மூன்று அடியும். அதையும் ஒன்றாக எண்ணினாலும் 39தான். பெரிய மடலில் 297 அடி, 74 பாட்டும் ஓரடியும், 78 வரவில்லை. ஆக நான்கடிக் கணக்கு அல்ல. பொருள் முடியும் இடங்களில் பிரித்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது, அடையாளம் காண முடியவில்லை.

கோஷ்டியில் கடைசி வரிசை | 22 ஜூன்

சேவிக்கும்போது மூச்சு விடும் இடங்கள் இருக்கின்றன. அவற்றை இதுவரை நான் எண்ணியதில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவைச் சிறிய திருமடல் சேவிக்கச் சொல்லி, பக்கத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்து ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் பென்சிலால் கோடு போடப்போகிறேன்.